பாக்கி தீரும்வரை வண்டி பட்டறையில்: பற்றுரிமை எதுவரை செல்லும்?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கார் பட்டறைக்காரரும் வாடிக்கையாளரும் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். அதனால் விலை வாய்ப்பேச்சில் முடிகிறது, பாக்கி நோட்டுப் புத்தகத்தில் ஏறுகிறது. ஒருநாள் பட்டறைக்காரர் சாவியைத் தராமல், "பழைய பாக்கியையும் கட்டிட்டு எடுங்கண்ணே" என்று சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்கும். வண்டி என் பேரில் இருக்கிறது, அதைப் பிடித்து வைக்க இவருக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்பார். காசு வரும்வரை எதையும் பிடித்து வைக்கலாம், மூன்று மாதம் போனால் விற்றும் விடலாம் என்று மற்றவர் சொல்வார். சட்டம் இருவர் சொல்வதையும் பாதிப் பாதியாகத்தான் ஏற்கிறது.

செய்த வேலைக்கான கூலி வரும்வரை, தன் கையில் இருக்கும் அடுத்தவர் பொருளைத் தராமல் வைத்திருக்கும் உரிமைக்குப் பற்றுரிமை என்று பெயர். ஆங்கிலத்தில் லியன் என்பார்கள். இந்த உரிமையைப் பற்றி ஜாப் ஷீட்டிலோ ஒப்பந்தத்திலோ எழுதப்படும் வாசகமே பற்றுரிமை விதி. எழுதாவிட்டாலும் சட்டம் தானாகத் தரும் உரிமை ஒன்று உண்டு. எழுதுவதால் கூடும் உரிமை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் சண்டைகளில் பாதி வருகிறது.

தையல்காரரும் துணியும்

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 123ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. அங்கே உதாரணமாக வருபவர் ஒரு தையல்காரர். கோட்டு தைக்க அவரிடம் துணி கொடுக்கிறீர்கள். அவர் தைத்து முடித்த பிறகு கூலி கொடுத்தால்தான் கோட்டு தருவேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், காசை மூன்று மாதத்தில் கொடுங்கள் என்று முதலிலேயே அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த உரிமை கிடையாது. கடன் கொடுக்கச் சம்மதித்தவர் அந்தத் தவணை முடியுமுன் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது.

கார் பட்டறைக்கும் இதே கணக்குதான். எழுத்து எதுவும் இல்லாமலே பற்றுரிமை பிறக்க மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். முதலாவது, பொருளை உரிமையாளரே அல்லது அவர் சம்மதத்தோடு வேறொருவர் வேலைக்காகக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்தப் பொருளின்மேல் உழைப்போ கைத்திறனோ செலவாகியிருக்க வேண்டும். ஒரு வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க இடம் கொடுத்தவருக்கு இந்தப் பிரிவு உதவாது. மூன்றாவது, கேட்கும் காசு அந்தப் பொருளில் செய்த அந்த வேலைக்கான காசாக இருக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது இந்த மூன்றாவதில். போன மார்ச்சில் கிளட்ச் மாற்றிய பாக்கிக்காக, இப்போது எஞ்சின் வேலைக்கு வந்த வண்டியை இந்தப் பிரிவின்கீழ் நிறுத்தி வைக்க முடியாது. கிளட்ச் வேலை முடிந்து வண்டியை வெளியே விட்ட அன்றே, அந்த வேலைக்கான பற்றுரிமை போய்விட்டது. கடன் அழியவில்லை, அதற்கு வழக்குப் போடலாம். வண்டியைப் பிடிக்கும் உரிமைதான் போய்விட்டது. அதே வண்டி பிறகு வேறு வேலைக்கு வந்தாலும் அது திரும்பி வருவதில்லை.

சுருக்கமாக: எழுத்து இல்லாவிட்டால், இந்த வேலைக்கு இந்தக் கூலி, அதற்கு இந்தப் பொருள். அதற்கு மேல் நீளாது.

எழுதினால் என்ன கூடும்?

அடுத்து வரும் 124ஆம் பிரிவு, எந்தப் பழைய பாக்கிக்கும் கையில் உள்ள எந்தப் பொருளையும் பிடித்து வைக்கும் விரிந்த உரிமையைச் சில தொழில்களுக்குத் தானாகவே தருகிறது. வங்கி, சரக்கு விற்றுத் தரும் கமிஷன் முகவர், துறைமுகத்தில் சரக்கை இறக்கி வைப்பவர், வழக்கறிஞர், காப்புறுதித் தரகர் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். பட்டறைக்காரர் அதில் இல்லை. மற்ற யாருக்கும் இந்த விரிந்த உரிமை வேண்டுமென்றால் அதற்கு வெளிப்படையான ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு முடிகிறது. ஜாப் ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் பற்றுரிமை விதி அச்சாவதற்குக் காரணம் இதுதான்.

வழக்கமாக அது இப்படி இருக்கும்: "வாடிக்கையாளர் தர வேண்டிய எல்லா நிலுவையும் தீரும்வரை வாகனத்தை வைத்திருக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு. வேலை முடிந்து 7 நாளில் எடுக்காத வாகனத்துக்கு நாளுக்கு 20 ரிங்கிட் வைப்புக் கட்டணம். 3 மாதத்தில் எடுக்காவிட்டால் வாகனம் விற்கப்படும்."

மூன்று வாக்கியங்களும் மூன்று தனித்தனி உரிமைகள். முதலாவது, பழைய பாக்கியையும் உள்ளே இழுக்கிறது. இரண்டாவது, சட்டம் தானாகத் தராத ஒரு கட்டணத்தைச் சேர்க்கிறது. தன் பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைத்திருப்பவர், அப்படி வைத்திருந்ததற்கே வாடகை கேட்க முடியாது என்பது பழைய ஆங்கிலச் சட்ட நெறி. ஒரு கப்பலைப் பழுது பார்த்தவர்கள், பாக்கிக்காக அதைத் தங்கள் துறையில் நிறுத்தி வைத்து நாளுக்கு 21 பவுண்டு கேட்ட வழக்கில் 1860இல் பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்பளித்தது. கப்பலை நிறுத்தி வைத்தது அவர்களுடைய நன்மைக்காக, கப்பல்காரருக்குச் செய்த சேவை அல்ல என்பதே காரணம்.

மூன்றாவது வாக்கியம்தான் மிகவும் கனமானது. பற்றுரிமை என்பது வைத்திருக்கும் உரிமை மட்டுமே, விற்கும் உரிமை அதற்குள் இல்லை. அடகுக்கடையில் வைத்த நகை மீட்கப்படாவிட்டால் விற்பனைக்குப் போகும், ஏனென்றால் அடகுக்குச் சட்டமே விற்கும் வழியைத் தருகிறது. பட்டறையில் நிற்கும் கார் அடகு அல்ல. விற்கும் உரிமை எழுதப்படாத நிலையில், நீதிமன்றத்துக்குப் போகாமல் காரை விற்றாலும், அதன் கியர்பாக்ஸைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டாலும், பட்டறைக்காரர்தான் நட்ட ஈடு கட்ட வேண்டிவரும்.

விதி அச்சாகியிருந்தால் மட்டும் போதாது. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே அது வாடிக்கையாளர் பார்வைக்கு வந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால், படிக்கவில்லை என்று சொல்லித் தப்புவது கடினம். ஆனால் வேலை முடிந்து காசு கட்டும்போது தரும் ரசீதின் பின்பக்கத்தில் உள்ள விதி, அதற்கு முன்பே முடிந்துவிட்ட ஒப்பந்தத்தில் வந்து சேராது. சுவரில் எண்ணெய்ப் புகை படிந்து, காலண்டருக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் பலகையைக் காட்டி "அங்கே எழுதியிருக்கு" என்று சொல்வதும் எளிதில் எடுபடாது.

சுருக்கமாக: விதி இருந்தால் உரிமை விரியும். எவ்வளவு விரியும் என்பது அதன் வாசகத்தையும், அது எப்போது காட்டப்பட்டது என்பதையும் பொறுத்தது.

ஒரு கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

சொந்த உபயோகத்துக்கான பழைய கார் ஒன்று. தண்ணீர் வற்றி எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பட்டறையில் 1,400 ரிங்கிட் என்று பேசி விடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கிறது. அதை ஈப்போவில் கொடுத்துச் சமமாகச் சீவ வேண்டும், 150 ஆகும் என்று பட்டறைக்காரர் போனில் கேட்கிறார், கார்க்காரர் சரி என்கிறார். அதோடு ரேடியேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் கேட்காமலே மாற்றி 500 போட்டுவிடுகிறார். வேலை முடிந்தபோது சம்பளம் வரவில்லை என்பதால் கார்க்காரர் தாமதிக்கிறார். கடைசியில் வந்து நிற்கும்போது தாள் இப்படி இருக்கிறது: பேசிய வேலை 1,400, ஹெட் சீவியது 150, ரேடியேட்டரும் பம்ப்பும் 500, மார்ச் மாதக் கிளட்ச் பாக்கி 850, பதினைந்து நாள் வைப்புக் கட்டணம் 300. மொத்தம் 3,200 ரிங்கிட்.

எந்த விதியிலும் கையெழுத்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1,400க்கும் 150க்கும் பற்றுரிமை உறுதி. வேலை இந்த வண்டியில் நடந்தது, சம்மதமும் இருந்தது. 850க்கு இல்லை, அது வேறு வேலை. 300க்கும் இல்லை. நடுவில் நிற்கும் 500தான் உண்மையான வழக்கு. சம்மதம் கேட்கவில்லை என்பது கார்க்காரர் பக்கம். ரேடியேட்டர் அடைத்திருந்தால் புதிய கேஸ்கெட்டும் போய்விடும், அதனால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது பட்டறைக்காரர் பக்கம். கழற்றிய பழைய ரேடியேட்டரைக் காட்ட முடிகிறதா என்பதில் பெரும்பாலும் இது தீர்ந்துவிடும். உள்ளே துரு அடைத்திருப்பதும் பம்ப்பின் தண்டு ஆடுவதும் கண்ணுக்குத் தெரியும். பழைய உதிரிப்பாகம் எங்கே போனது என்றே தெரியாவிட்டால், கேட்காமல் போட்ட 500ஐ நியாயப்படுத்துவது பட்டறைக்காரருக்குக் கடினம்.

ஆக, விதி இல்லாத நிலையில் கார்க்காரர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தொகை 1,550. மேலே சொன்ன விதியில் வண்டியை விடும்போதே கையெழுத்துப் போட்டிருந்தால் கணக்கு மாறும். "எல்லா நிலுவையும்" என்ற சொல் 850ஐ உள்ளே கொண்டுவந்துவிடும். வைப்புக் கட்டணமும் வரும். ஆனால் 7 நாள் போக மீதி 8 நாளுக்கு மட்டும், அதாவது 160 ரிங்கிட். 15 நாளுக்கும் சேர்த்து 300 போட்டது அவர்களுடைய விதிக்கே முரண். விதியைக் காட்டிக் காசு கேட்பவரிடம், அந்த விதியை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்வது நல்லது.

வண்டியை எடுப்பது எப்படி?

முதலில் தாளைப் பிரித்துக் கேளுங்கள். மொத்தம் மட்டும் எழுதிய பில்லில் எதற்குப் பற்றுரிமை இருக்கிறது என்று சொல்லவே முடியாது. பிறகு, சரியென்று ஒப்புக்கொள்ளும் தொகையைக் கையில் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுக்க முன்வாருங்கள். கட்டத் தயாராக இருக்கிறேன் என்று வாயால் சொல்வதற்கும், எண்ணி நீட்டுவதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. சரியான தொகையை நீட்டியும் மறுத்தால், அதன்பிறகு வண்டியை வைத்திருப்பதற்கு அவரிடம் சட்டக் காரணம் இல்லாமல் போகிறது. அதே நாளில், இன்ன தொகையைக் கொண்டுவந்தேன், வாங்க மறுத்தீர்கள் என்று வாட்சாப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

வண்டி உடனே வேண்டும், தோட்டத்துக்கு வேலைக்குப் போக வேறு வழியில்லை என்றால், முழு 3,200ஐயும் கட்டி எடுத்துவிட்டுப் பிறகு மிகையைத் திருப்பிக் கேட்கலாம். கட்டும்போதே ரசீதில் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதி, எந்தத் தொகைக்கு ஆட்சேபம் என்றும் குறிக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் கட்டினால், மனமுவந்து கட்டினார் என்று மறுபக்கம் வாதாடும். வற்புறுத்தலால் கட்டிய காசைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. அதன் உதாரணம் நம் கதைக்கு மிக நெருக்கமானது: சட்டத்துக்குப் புறம்பான கட்டணத்தைக் கட்டினால்தான் சரக்கைத் தருவோம் என்று ரயில் நிறுவனம் சொல்கிறது. சரக்குக்காரர் கட்டி எடுக்கிறார். மிகையாக வாங்கியதை அவர் திரும்பப் பெறலாம்.

சொந்த உபயோக வண்டியாக இருந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும், அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி போன்ற தொழில் வண்டி என்றால் இந்தக் கதவு திறக்காது, நீதிமன்றம்தான் வழி. பட்டறைக்காரரும் தன் பாக்கிக்காக நடுவர் மன்றத்தில் முதலில் கோரிக்கை வைக்க முடியாது. அது பயனீட்டாளருக்கான மன்றம்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. வீட்டில் உபரிச் சாவி இருக்கிறது என்று இரவோடு இரவாக வண்டியை ஓட்டிவந்துவிடுவது. என் வண்டியை நானே எடுத்தால் எப்படித் திருட்டாகும் என்று கேட்பார்கள். தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு இதற்கென்றே ஓர் உதாரணம் வைத்திருக்கிறது: பழுது பார்த்த கூலிக்காக ஒருவர் கைக்கடிகாரத்தைச் சட்டப்படி வைத்திருக்கிறார். அந்தப் பிடிமானத்தை அவரிடமிருந்து பறிக்கும் நோக்கத்தோடு உரிமையாளர் கடிகாரத்தை எடுத்துப் போனால், அது திருட்டு. கடன் எதுவுமே இல்லாதபோது எடுத்தால் திருட்டாகாது, அத்துமீறி நுழைந்த குற்றம் மட்டும் வரலாம். நம் கணக்கில் 1,550 பாக்கி இருக்கும்வரை முதல் உதாரணம்தான் பொருந்தும்.

பட்டறை நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது

பற்றுரிமை கையில் இருக்கும்வரைதான். நாளைக்குக் கட்டுகிறேன் என்பவரை நம்பி வண்டியை விட்டால், கடன் மட்டும் மிஞ்சும். பாதி கட்டிவிட்டு எடுத்துப் போனாலும் அப்படியே. பிடித்து வைத்திருக்கும் காலத்தில் வண்டியை அக்கறையுள்ள சாதாரண மனிதர் தன் வண்டியைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்கிறது 104ஆம் பிரிவு. கண்ணாடியை இறக்கிவிட்டு மழையில் நனைய விடுவது, உதிரிப்பாகம் வாங்க அந்த வண்டியிலேயே கடைக்குப் போய்வருவது எல்லாம் பட்டறைக்காரர் தலையில்தான் விழும்.

ஜாப் ஷீட்டை வண்டி வரும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூடுதல் வேலைக்குப் போனில் கேட்டால் தொகையையும் சம்மதத்தையும் வாட்சாப்பில் ஒரு வரியாகப் பதிந்துகொள்ளுங்கள். மேலே உள்ள கணக்கில் 150 தப்பித்ததும் 500 சிக்கியதும் அந்த ஒரு போன் பேச்சால்தான்.

பொருள் இல்லை, தாள் என்றால்?

ஆவணங்களுக்கும் இதே அளவுகோல்தான். ஆனால் பதில் பலமுறை வேறாக வரும். வழக்கறிஞரிடம் கட்டணப் பாக்கி இருந்தால், வேலைக்காகக் கொடுத்த கோப்புகளை அவர் வைத்திருக்கலாம், 124ஆம் பிரிவுப் பட்டியலில் அவர் இருக்கிறார். பதிவுக்காக எஸ்.பி.எம். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்ட தனியார் கல்லூரியின் நிலை வேறு. அந்தத் தாளின்மேல் கல்லூரி எந்த உழைப்பும் செலவிடவில்லை. கட்டணப் பாக்கி உண்மையாகவே இருந்தாலும், வெளிப்படையான ஒப்பந்தம் இல்லாமல் அதைப் பிடித்து வைக்கச் சட்டம் தானாக உரிமை தருவதில்லை. கல்லூரி தானே தரவேண்டிய டிப்ளோமாவைத் தராமல் இருப்பது இன்னொரு விஷயம். அது மாணவருடைய பொருளே அல்ல, தன் பங்கு வேலையை நிறுத்தி வைப்பது. அதற்கான பதில் சேர்க்கை ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

கடப்பிதழில் எந்த விதியும் எடுபடாது. அது அதை வழங்கிய அரசாங்கத்தின் உடைமை. சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வேறொருவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். முன்பணம் தீரும்வரை என்று தொழிலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும், முதலாளியோ முகவரோ அதைக் காட்டித் தப்ப முடியாது.